எரியாத தெருவிளக்குகள்: பேரூராட்சிக்கு எழுதிய திறந்த மடல் பற்றி ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகள்

டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கிற மடல் யாருக்கு? அதில் என்னதான் கேட்டிருக்கிறீர்கள்?

பேரூராட்சிச் செயல் அலுவலருக்கு. நகல் தலைவருக்கும், எங்கள் வார்டு கவுன்சிலருக்கும், மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கும் போயிருக்கிறது. எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் சுவரில் ஒட்டினோம். நூலகத்திலும் ரேஷன் கடையிலும் ஒவ்வொன்று ஒட்டியிருக்கிறது.

கேட்டது மூன்று. கம்பம் வாரியாக இணைத்திருக்கும் பட்டியலைப் பார்த்து, எது எந்தப் பழுது என்று கண்டுபிடித்துச் சரி செய்ய வேண்டும். கழற்றிக்கொண்டு போன ஃபிட்டிங்குகளைக் குப்பையில் போடாமல் சோதித்துப் பார்க்க வேண்டும். வாரண்டி இருக்கிறவற்றை விற்றவரிடம் திருப்பி அனுப்பி, மாற்று வாங்க வேண்டும். அவ்வளவுதான். புது விளக்கோ, பூங்கா விளக்கோ, ஹைமாஸ்ட்டோ கேட்கவில்லை.

கம்பம் கரண்ட் ஆபீஸோடது. அப்புறம் பேரூராட்சியை எதுக்குக் கேக்கணும்?

கம்பமும் அதன் மேல் ஓடும் கம்பிகளும் மின்வாரியத்துடையவை. அந்தக் கம்பத்தில் தொங்கும் விளக்கு, அதைத் தாங்கும் இரும்புக் கை, உள்ளே இருக்கும் பல்பு எல்லாம் உள்ளாட்சியுடையவை. விளக்குகள் எரிகிற கரண்டுக்கு மீட்டர் உண்டு. அதற்கான பில்லையும் உள்ளாட்சிதான் கட்டுகிறது. ஆக, வீட்டுக்கு எப்படி நீங்கள் வாடிக்கையாளரோ அதுபோல தெருவிளக்குக்குப் பேரூராட்சி வாடிக்கையாளர்.

இந்த இரட்டைப் பொறுப்பில்தான் நம் புகார்கள் எல்லாம் காணாமல் போகின்றன. பேரூராட்சியில் போய்ச் சொன்னால் ‘லைன்ல பிரச்சினை, கரண்ட் ஆபீஸ்ல சொல்லுங்க’ என்பார்கள். கரண்ட் ஆபீஸில் சொன்னால் ‘லைட்டு எங்களுது இல்ல’ என்பார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பழுது எந்தப் பக்கம் என்று யாரும் பார்க்கவில்லை, அதுதான் விஷயம்.

இன்னொன்றும் உண்டு. பேரூராட்சி எலக்ட்ரீசியன் நினைத்த நேரத்தில் ஏணி போட்டு ஏறிவிட முடியாது. ஓர் அடி தள்ளி உயிரோடு கம்பிகள் ஓடிக்கொண்டிருக்கும். மின்வாரியம் அந்த லைனை நிறுத்தி ‘லைன் கிளியர்’ கொடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். இரண்டு அலுவலகமும் ஒரே நாளில் ஒரே நேரத்துக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதால்தான் ஒரே மடலை இரண்டு இடத்துக்கும் அனுப்பினோம்.

பல்பு போயிருக்கு, மாத்துங்கன்னு சொன்னாப் போதாதா? எதுக்கு இவ்வளவு பெரிய பட்டியல்?

பல்பு போயிருக்கிறது என்று நாம் சொன்னால் அவர்கள் பல்பைத்தான் மாற்றுவார்கள். போனது பல்பு இல்லை என்றால்?

மேலத் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். அந்தத் தெருவில் பதினாலு கம்பம். அம்மன் கோயில் முக்கிலிருந்து எண்ணினால் நாலாவது கம்பத்தில் மட்டும் விளக்கு இல்லை. ஐந்து முதல் எட்டு வரை எரிகிறது, ஆனால் ஏழாவது எரிந்தும் பயனில்லை. ஒன்பதிலிருந்து பதினாலு வரை ஆறும் இருட்டு. தெருக்காரர்கள் ‘எட்டு லைட்டு எரியல’ என்று மனுக் கொடுத்தார்கள். ஆள் வந்தார், கையில் இரண்டு புது விளக்கு இருந்தது. பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் இருந்ததைக் கழற்றிப் புதுசை மாட்டினார். எரியவில்லை. ‘புதுசும் சரியில்ல போல’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

நாலாவது கம்பம் தனியாக இருட்டாக இருக்கிறது. அதற்கு முன்னாலும் பின்னாலும் எரிகிறது. அப்படியென்றால் கம்பியில் கரண்ட் வருகிறது. பழுது அந்த ஃபிட்டிங்கிலோ, கம்பியிலிருந்து அதற்கு இறங்கும் சிறு ஒயரிலோ இருக்கிறது. இது பேரூராட்சி வேலை.

ஏழாவதில் விளக்கு நன்றாகத்தான் எரிகிறது. வேப்பமரக் கொப்பு அதை மூடிக்கொண்டிருக்கிறது. வெளிச்சம் இலைக்குப் போகிறது, தரைக்கு வருவதில்லை. இங்கே தேவை அரிவாள். லைனுக்குப் பக்கத்துக் கொப்பு என்பதால் வெட்டுவதும் கரண்ட் ஆபீஸ் ஆட்கள்தான்.

ஒன்பது முதல் பதினாலு வரைதான் முக்கியம். ஆறு விளக்கு ஒரே ராத்திரியில் சேர்ந்தாற்போல் ஃபியூஸ் போகாது. தெருவில் ஓடும் கம்பிகளில் வீடுகளுக்கு மூன்று பேஸ், ஒரு நியூட்ரல் போக, தெருவிளக்குக்கென்று தனியாக ஒரு கம்பி ஓடும். வீட்டில் கரண்ட் இருந்தும் தெரு இருட்டாகக் கிடப்பது இதனால்தான். வரிசையில் ஓர் இடத்திலிருந்து கடைசி வரை அணைந்திருந்தால், அணையத் தொடங்கும் முதல் கம்பத்தை நிமிர்ந்து பாருங்கள். அந்தத் தனிக் கம்பி அங்கேதான் அறுந்திருக்கும், அல்லது இரு கம்பிகளை இணைக்கும் ஜம்பர் விட்டுப் போயிருக்கும்.

அந்தத் தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கும் மைனி ஒருவர் சொன்ன ஒரு வரிதான் முடிச்சை அவிழ்த்தது. ‘அணையறதுக்கு முன்னால நாலஞ்சு நாளு, காத்து அடிக்கும்போதெல்லாம் கோடி வரைக்கும் எல்லா லைட்டும் ஒண்ணுபோல மின்னி மின்னி எரிஞ்சுது.’ ஆறும் ஒரே நேரத்தில் மின்னினால் ஆறுக்கும் பொதுவான இடத்தில் ஒரு இணைப்பு ஆடுகிறது. அது ஆடிக் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து நம் பக்கத்தில் மரத்தையும் கம்பியையும் போட்டு உலுக்குகிற காற்று. கம்பி அலுமினியம், அதில் சுற்றிக் கட்டுகிற ஒயர் பல இடங்களில் செம்பு. இந்த இரண்டும் தொடுகிற இடம் மழையில் நனைந்து நனைந்து வெள்ளையாகப் பூத்துப் போகும். பிடிப்பு தளரும். மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது மனுவில் ‘ஒன்பதாவது கம்பத்திலிருந்து கடைசி வரை இல்லை, அணைவதற்கு முன் காற்றில் எல்லாம் சேர்ந்து மின்னின’ என்று எழுதிக் கொடுத்தார்கள். லைன்மேன் வந்து லைன் கிளியர் எடுத்து, ஒன்பதாவது கம்பத்தில் ஜம்பரைச் சுரண்டிச் சுத்தம் செய்து புதிதாகக் கட்டினார். அரை மணி நேர வேலை. அன்று ராத்திரி ஆறும் எரிந்தன. முதல் தடவை மாட்டிய இரண்டு ‘புதுசும் சரியில்லாத’ விளக்குகளும் சேர்த்துத்தான்.

அப்படியானால் பத்திலும் பன்னிரண்டிலும் கழற்றிக்கொண்டு போன பழைய விளக்குகள்? அவையும் நல்ல நிலையில் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஸ்டோர் ரூமில் ‘பழுது’ என்ற மூட்டையில் கிடக்கும். மடலில் இரண்டாவது கோரிக்கையை வைத்தது இதனால்தான்.

எல்.இ.டி. போட்டா பத்து வருஷத்துக்குக் கவலை இல்லன்னாங்க. ரெண்டு வருஷம் தாங்க மாட்டேங்குதே, டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட்டாகவும் இருக்கலாம். ஆனால் நல்ல விளக்கும் சாகும். அட்டைப்பெட்டியில் 50,000 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். ஒரு ராத்திரிக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் வருடத்துக்கு 4,380 மணி நேரம். கணக்குப்படி பதினொரு வருடம் வர வேண்டும். அந்தக் கணக்கு உள்ளே இருக்கும் குட்டிக் குட்டி எல்.இ.டி. சில்லுகளுக்கு. அவற்றுக்குக் கரண்ட்டை அளந்து கொடுக்கிற ஒரு சின்னப் பெட்டி கூடவே இருக்கிறது, அதற்கு டிரைவர் என்று பெயர். முதலில் போவது பெரும்பாலும் அதுதான். டிரைவர் சாகும் முன் விளக்கு படபடவென்று விட்டு விட்டு எரியும், அல்லது பத்து நிமிடம் எரிந்து பத்து நிமிடம் அணையும். மேலே சொன்னது போல வரிசையாக இல்லாமல் ஒரே ஒரு விளக்கு இப்படிச் செய்தால் டிரைவரைச் சந்தேகப்படலாம்.

அதைக் கொல்வது இரண்டு. ஒன்று, ஐப்பசி கார்த்திகை இடி. மின்னல் கம்பத்தில் நேராக விழ வேண்டியதில்லை. பக்கத்து வயலில் விழுந்தாலே கம்பியில் ஒரு நொடிக்குள் பாயும் மின்னழுத்தம் போதும். இதைத் தடுக்கிற சர்ஜ் பாதுகாப்பு நல்ல ஃபிட்டிங்கில் உள்ளேயே இருக்கும். மலிவு விலைக்குக் கேட்டு வாங்கினால் முதலில் விடுபடுவது அது.

இரண்டாவது, நியூட்ரல் அறுந்துபோவது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் சில லைன்களில் 400ஐ நெருங்கி வந்துவிடும். அன்று விளக்குகள் ஒரு நிமிடம் கண்ணைக் கூசும்படி எரிந்து அப்படியே அணையும். தெருவில் இரண்டு வீட்டில் டி.வி.யும் செட்டாப் பாக்ஸும் அதே ராத்திரி போயிருக்கும். இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம், பக்கத்து வீட்டில் கேட்டால் போதும். அப்படி நடந்திருந்தால் அந்த நாளையும் மனுவில் எழுதுங்கள். நியூட்ரலைச் சரி செய்யாமல் புது விளக்கு மாட்டினால் அதுவும் போகும்.

வாரண்டியைப் பற்றிக் கொஞ்சம். உள்ளாட்சிகள் எல்.இ.டி. வாங்கும் டெண்டர்கள் பலவற்றில் ஐந்து வருட வாரண்டி என்று நிபந்தனை போடுவார்கள். விளக்கின் முதுகில் கம்பெனிப் பெயர், வாட், வரிசை எண், தயாரித்த மாதம் எல்லாம் ஒட்டியிருக்கும். இரண்டாவது வருடத்தில் போன விளக்கைப் பணம் கொடுக்காமலே மாற்றிக்கொள்ளலாம். அதற்கு வாங்கிய தேதி, மாட்டிய கம்பம், வரிசை எண் மூன்றும் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தப் பதிவேடு இல்லாத ஊரில் வாரண்டி காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

எங்க தெருவுல காலைல பதினோரு மணி வரைக்கும் லைட்டு எரியுது. எரியாததுக்கு எரியறது மேல்தானே, அதையும் ஏன் புகார்ல சேர்த்தீங்க?

சரி, உங்கள் தெருவில் ராத்திரி எத்தனை மணிக்கு எரியத் தொடங்குகிறது என்று பார்த்தீர்களா? பதினோரு மணிக்கு. இரண்டும் ஒரே பழுது.

முக்கில் கம்பத்தில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறதல்லவா, அதற்குள் டைமர் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குப் போடவும் காலை ஆறு மணிக்கு அணைக்கவும் அதை வைத்திருப்பார்கள். உள்ளே பேட்டரி இல்லாத டைமர் என்றால், கரண்ட் போகும்போது கடிகாரமும் நின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை கரண்ட்டை நிறுத்தினார்கள் அல்லவா? ஐந்து மணி நேரம். ஆறு மணிக்குப் போட வேண்டியதைப் பதினோரு மணிக்குப் போடுகிறது, ஆறு மணிக்கு அணைக்க வேண்டியதைப் பதினோரு மணிக்கு அணைக்கிறது. ஆக எவ்வளவு நேரம் தாமதம் என்று பார்த்தாலே அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் கரண்ட் எவ்வளவு நேரம் போனது என்று சொல்லிவிடலாம்.

வீணாவதும் உண்டு. இருபது வாட் விளக்கு இருபது, பகலில் ஐந்து மணி நேரம் சும்மா எரிந்தால் ஒரு நாளைக்கு இரண்டு யூனிட், மாதம் அறுபது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் டியூஷன் முடிந்து பிள்ளைகள் வருகிற எட்டு மணிக்குத் தெரு இருட்டாக இருப்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. டைமர் முள்ளைத் திருப்பி வைக்க ஐந்து நிமிடம் போதும். பேட்டரி உள்ள டைமர் வாங்கி வைத்தால் அடுத்த மாதம் மறுபடி இந்தக் கதை வராது.

பகல் முழுக்க, ராத்திரி முழுக்க, இருபத்துநாலு மணி நேரமும் எரிந்தால் அது வேறு. யாரோ டைமரைத் தவிர்த்து நேராக இணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அண்ணாச்சி, எனக்கு ஒயரிங் தெரியும். ஏணி போட்டு நானே மாட்டிருதேன், சரியா?

வேண்டாம் தம்பி. வீட்டு ஒயரிங் வேறு, இது வேறு. மெயினை அணைத்துவிட்டு ஏற இங்கே மெயின் உங்கள் கையில் இல்லை. கம்பியில் கொக்கி போட்டு இழுத்தால் 2003 மின்சாரச் சட்டத்தின் 135ஆவது பிரிவில் மின்திருட்டு வழக்கு ஆகிவிடலாம். வீட்டு மீட்டரிலிருந்து வாசலில் ஒரு பல்பு போட்டுக்கொள்வதை யாரும் கேட்கப்போவதில்லை, அது உங்கள் இஷ்டம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். கம்பத்தைச் சாயாமல் பிடிக்கிற ஸ்டே கம்பியில் ஆட்டையும் மாட்டையும் கட்டாதீர்கள். துணி காயப்போடாதீர்கள். பூத்துப்போன ஒயர் கம்பத்தில் உரசினால் மழை நாளில் கம்பமே கரண்ட் அடிக்கும். தொட்டால் சுரீர் என்கிறது, தகரப் பெட்டி மூடியில்லாமல் குழந்தைகள் கைக்கு எட்டுகிறது, ஒயர் தொங்குகிறது என்றால் அது மனு எழுதுகிற விஷயமில்லை. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். சொல்லிவிட்டு, ஆள் வரும் வரை ஒருவர் அங்கேயே நின்று மற்றவர்களைத் தள்ளிப் போகச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போட்டாச்சு. வேற நான் என்ன செய்யணும்?

உங்கள் தெருவை ஒரு தடவை நடந்து பாருங்கள். ராத்திரி ஏழரைக்கு மேல் என்றால் நல்லது. கார்த்திகையில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், ஆனியில் ஆறரை தாண்டும், ஏழரை எல்லா மாதத்துக்கும் சரிவரும்.

தெருவின் ஒரு கோடியிலிருந்து கம்பங்களை எண்ணிக்கொண்டே போங்கள். கம்பத்தில் பெயிண்டில் எண் எழுதியிருந்தால் அதைக் குறியுங்கள். இல்லையென்றால் ‘மாரியம்மன் கோயில் முக்கிலிருந்து கிழக்கே மூன்றாவது’ என்று எழுதினால் போதும். ‘மளிகைக்கடை எதிரில்’ என்று மட்டும் எழுதாதீர்கள், பேரூராட்சியில் புதிதாக வந்தவருக்கு அந்தக் கடை தெரியாது. ஒவ்வொரு கம்பத்துக்கும் நான்கில் ஒன்றை எழுதுங்கள்: எரிகிறது, எரியவில்லை, மின்னுகிறது, மரம் மறைக்கிறது. எரிகிற கம்பங்களையும் விடாமல் எழுத வேண்டும். அவை இல்லாமல் எது தனியாக அணைந்தது, எது வரிசையாக அணைந்தது என்று தெரியாது. மேலத் தெருவின் முதல் மனு தோற்றது அங்கேதான்.

பட்டியலில் ஒரு தெரு இப்படி இருக்கும்:

‘கீழத் தெரு, பிள்ளையார் கோயில் முக்கிலிருந்து தெற்கு நோக்கி. 1, 2 எரிகிறது. 3 மின்னுகிறது, ஒரு மாதமாக. 4, 5, 6 எரிகிறது. 7 முதல் 10 வரை எரியவில்லை, நான்கும் ஒரே நாளில் அணைந்தன. வீடுகளில் கரண்ட் இருக்கிறது.’

கடைசி வாக்கியத்தை மறக்காதீர்கள். அதைப் படித்த உடனேயே லைன்மேனுக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும்.

போட்டோ எடுப்பவர்கள் இருட்டை எடுக்காதீர்கள். கறுப்பாக ஒரு படம் வந்தால் அதை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பகலில் கம்பத்தின் தலையை எடுங்கள். கம்பி விட்டிருப்பதும் கொப்பு உரசுவதும் அதில் தெரியும்.

மனுக் கொடுத்து சீலும் வாங்கியாச்சு. ஒண்ணும் நடக்கலன்னா?

சீல் வாங்கியதே பாதி வேலை. அந்த நகலைப் பத்திரமாக வையுங்கள். அதற்குப் பிறகு முதல்வரின் உதவி மையம் 1100இல் அழைத்துப் பதியலாம், ஒரு மனு எண் கொடுப்பார்கள். திங்கள்கிழமை திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும், அங்கேயும் கொடுக்கலாம். ஆனால் இந்த இரண்டும் சுற்றிச் சுற்றி அதே பேரூராட்சிக்குத்தான் திரும்பி வரும். வரும்போது பதில் எழுத வேண்டிய கட்டாயத்தோடு வரும், அதுதான் லாபம். அதனால் அங்கேயும் கம்பப் பட்டியலையே இணையுங்கள். இல்லாவிட்டால் ‘ஆய்வு செய்து சரி செய்யப்பட்டது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எந்தக் கம்பம் சரி செய்யப்பட்டது என்று திருப்பிக் கேட்கப் பட்டியல் வேண்டும்.

எனக்கு இதைவிட நம்பிக்கை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில். 2005 முதல் இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

இதில் எல்லாரும் தடுக்கி விழுவது ‘ஏன்’ என்று கேட்பதில். ‘ஏன் விளக்கு எரியவில்லை?’ என்று கேட்டால், அது தகவல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிற காகிதத்தைக் கேட்க வேண்டும். நாங்கள் எழுதி வைத்திருக்கிறது இது, தேவைப்பட்டால் தேதியும் வார்டும் மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்:

‘1. எங்கள் வார்டில் உள்ள தெருவிளக்குகளின் பதிவேட்டு நகல். 2. கடந்த மூன்று நிதியாண்டுகளில் வாங்கிய எல்.இ.டி. விளக்குகளுக்கான கொள்முதல் ஆணையும் வாரண்டி நிபந்தனைகளும், நகல். 3. அந்த வாரண்டியின் கீழ் மாற்றப்பட்ட விளக்குகளின் விவரம், நகல். 4. தெருவிளக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தால் அதன் நகல்.’

நான்காவது பல ஊர்களில் சுவாரசியமாக இருக்கும். பராமரிப்பை ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தால், புகார் வந்து எத்தனை நாளில் சரி செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன அபராதம் என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். கையில் அது கிடைத்துவிட்டால் அப்புறம் நாம் கெஞ்ச வேண்டியதில்லை, பக்க எண்ணைச் சொன்னால் போதும்.

எங்க ஊரு பேரூராட்சி இல்ல, கிராம ஊராட்சி. இதெல்லாம் எங்களுக்குப் பொருந்துமா?

பழுதைக் கண்டுபிடிக்கிற வழி அப்படியே பொருந்தும், கம்பியும் காற்றும் ஒன்றுதானே. முகவரி மட்டும் மாறும். செயல் அலுவலர் இடத்தில் ஊராட்சித் தலைவரும் செயலரும், மேலே வட்டார வளர்ச்சி அலுவலர். குடியிருப்புப் பகுதியில் பொதுச்சாலைகளுக்கு விளக்கு போடுவது ஊராட்சியின் கடமை என்று 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 110ஆவது பிரிவு சொல்கிறது. ‘அது எங்க வேலை இல்ல’ என்றால் இதைச் சொல்லுங்கள்.

உங்களுக்கு எங்களைவிட ஒரு வசதி உண்டு, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். கம்பப் பட்டியலை அங்கே வாசித்து, ‘தீர்மானமாக எழுதுங்க’ என்று கேளுங்கள். வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு வந்தால் டீயோடு போய்விடும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நாலுவழிச் சாலைப் பக்கம் சர்வீஸ் ரோட்டுல லைட்டே எரியல. அதையும் சேர்ப்பீங்களா?

இல்லை. மதுரை – கன்னியாகுமரி நாலுவழிச் சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது. அங்கே 1033க்கு அழைத்து, அருகில் இருக்கும் கிலோமீட்டர் கல்லைச் சொல்லுங்கள்.

துபாய்ல இருக்க என் தம்பி தெரு முழுக்கப் புது லைட்டு வாங்கித் தாரேங்கான். வாங்கிரலாமா?

நல்ல மனசு. ஆனால் இரண்டு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நேராக வாங்கி மாட்டினால், பேரூராட்சிப் பதிவேட்டில் அது இருக்காது. நாளைக்கு அது அணைந்தால் ‘அது எங்களுது இல்ல’ என்று சொல்ல மூன்றாவதாக ஒரு பதில் அவர்களுக்குக் கிடைத்துவிடும். கொடுப்பதாக இருந்தால் பேரூராட்சிக்கு எழுதிக் கொடுத்து, அவர்கள் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வாங்கிக்கொண்டு, பில்லையும் வாரண்டி அட்டையையும் அவர்களிடமே ஒப்படைக்க வேண்டும்.

அடுத்து, இப்போது இருக்கிறது என்ன பழுது என்று தெரியாமல் வாங்காதீர்கள். உங்கள் தெருவில் ஐந்து விளக்கு வரிசையாக அணைந்திருப்பதாகப் பட்டியலில் பார்த்தேன். புது விளக்கு வந்தாலும் எரியப்போவதில்லை. முதலில் ஜம்பரைக் கட்டட்டும், பிறகும் எது இருட்டாக இருக்கிறதோ அதற்கு உங்கள் தம்பி வாங்கித் தரட்டும். செலவு கால்வாசிகூட ஆகாது.

குளத்தங்கரைப் பாதையில கம்பமே கிடையாது. மடல்ல அதையும் ஒரு வரி எழுதிருந்தா என்ன?

வேண்டுமென்றே விட்டோம். இருக்கிற விளக்கைச் சரி செய்வது பராமரிப்பு, பேரூராட்சி தன் செலவில் உடனே செய்யலாம். புதுக் கம்பம் என்பது வேறு கணக்கு. மன்றத்தில் தீர்மானம் வேண்டும், மின்வாரியம் அளந்து எஸ்டிமேட் போட வேண்டும், அந்தப் பணத்தை உள்ளாட்சி கட்ட வேண்டும், பிறகுதான் கம்பம் வரும். இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் ‘எஸ்டிமேட்டுக்கு அனுப்பியிருக்கிறோம்’ என்ற ஒரே பதிலில் ஜம்பர் கட்டுகிற அரை மணி நேர வேலையும் சேர்ந்து தூங்கிவிடும்.

குளத்தங்கரைக்குத் தனி மனு தயாராகிறது. அந்தப் பாதை பேரூராட்சி நிலமா, நீர்வளத்துறையின் கரையா என்று முதலில் தெரிய வேண்டும். கரை என்றால் அவர்களின் அனுமதியும் வேண்டும். சர்வே எண் யாரிடமாவது இருந்தால் நூலகத்தில் உள்ள நோட்டில் எழுதி வையுங்கள்.